கடனட்டை வட்டி: தொகையை மட்டுமல்ல, நாட்களையும் எண்ணுங்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்து கல்லாவில் அமர்ந்த சிறிது நேரத்தில் என் தங்கையின் மகன் வந்து சேர்ந்தார். கைத்தொலைபேசி உதிரிப்பாகங்கள் விற்கும் சிறிய கடையொன்றை நடத்துபவர். முகம் சரியில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். அது அவருடைய கடனட்டையின் ஜூன் மாதக் கூற்று.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்க. ஒரு லட்சம் பாக்கி இருந்திச்சி. எண்பதாயிரம் கட்டினேன். மிச்சம் இருபதாயிரம்தான். அதுக்கு மாசம் ரெண்டு வீதம்னா நானூறு ரூபா. இவங்க ஆயிரத்தி எண்ணூத்தி அறுபது போட்டிருக்காங்க. இது பகல் கொள்ளை இல்லையா?"

"அவசரப்படாதீங்க மகன், கணக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கணிப்பானை எடுத்தேன். அரை மணித்தியாலம் சென்றது. முடிவில் சதம் பிசகாமல் வங்கியின் தொகையே வந்தது. வங்கி பிழை விடவில்லை. மருமகன் மனதில் வைத்திருந்த கணக்கு ஒன்று, வங்கி போடும் கணக்கு வேறொன்று. இந்த வித்தியாசம் நமது வியாபாரிகள் பலருக்கும் தெரியாது என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வட்டி கொடுப்பதும் வாங்குவதும் நமக்கு ஹராம். எனவே வட்டியைக் குறைத்துக் கட்டும் தந்திரம் சொல்லித் தருவது என் நோக்கமல்ல. 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம், வட்டி நிபந்தனை உள்ள கடனட்டையை, சலுகைக் காலத்துக்குள் முழுவதையும் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் எடுக்கக் கூடாது என்றே தீர்மானித்தது. நானும் அத்தகைய அட்டை வைத்திருப்பதில்லை. ஆனால் நமது கடைத்தெருக்களில் எத்தனை சட்டைப் பைகளில் அது இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. "நான் முழுவதையும் கட்டிவிடுவேன், வட்டி என்னைத் தொடாது" என்ற நம்பிக்கையில்தான் பலரும் அதை எடுக்கிறார்கள். அந்த வட்டி எந்த இடத்தில் நுழைகிறது, எப்படி வளர்கிறது என்பதை அறியாதவர் அதிலிருந்து தப்ப முடியாது.

கடனட்டை வட்டியைக் கணக்கிடும் இந்த முறைக்குச் சராசரி நாளாந்த நிலுவை முறை என்று பெயர். பெயர்தான் பெரிது, விடயம் நமக்குப் பழக்கமானதே. இறக்குமதி செய்பவர்களுக்கு டெமரேஜ் என்றால் என்னவென்று தெரியும். துறைமுகத்தில் பத்துக் கொள்கலன்கள் வந்து கிடக்கின்றன என்று வையுங்கள். எட்டை எடுத்துவிட்டோம், மாதக் கடைசியில் இரண்டுதான் மீதி, ஆகவே இரண்டுக்கு மட்டும்தான் டெமரேஜ் கட்டுவேன் என்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள். அந்த எட்டும் எத்தனை நாள் கிடந்தன என்றுதான் கேட்பார்கள். மூன்றாம் நாள் எடுத்தால் ஒரு கட்டணம், இருபத்தோராம் நாள் எடுத்தால் வேறொரு கட்டணம். கடனட்டையில் கிடக்கும் ஒவ்வொரு ரூபாவும் அப்படித்தான். மாதக் கடைசியில் எவ்வளவு மீதி என்பது வட்டியைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு மீதி இருந்தது என்பதே தீர்மானிக்கிறது.

இனி மருமகனின் கூற்றுக்கு வருவோம். அவருடைய கணக்குக் காலம் மாதம் 1ஆம் திகதி தொடங்கி மாத முடிவில் முடிகிறது. ஜூன் மாதத்துக்கு 30 நாட்கள். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். மே மாதத்திலும் அவர் முழுத் தொகையையும் கட்டியிருக்கவில்லை. ஆகவே ஜூன் 1ஆம் திகதி 100,000 ரூபா பழைய பாக்கியோடுதான் மாதம் பிறந்தது. ஜூன் 10ஆம் திகதி கடைக்குச் சாமான் வாங்க 30,000 ரூபாவுக்கு அட்டையைப் பாவித்திருக்கிறார். கடைசித் திகதி ஜூன் 22. அதற்கு ஒரு நாள் முன்னதாக, 21ஆம் திகதி 80,000 ரூபாவைக் கட்டியிருக்கிறார்.

இதை நாள் வாரியாகப் பிரித்தால் மூன்று துண்டுகள் வருகின்றன.

ஜூன் 1 முதல் 9 வரை 9 நாட்கள், நிலுவை 100,000. பெருக்கினால் 900,000.

ஜூன் 10 முதல் 20 வரை 11 நாட்கள், நிலுவை 130,000. பெருக்கினால் 1,430,000.

ஜூன் 21 முதல் 30 வரை 10 நாட்கள், நிலுவை 50,000. பெருக்கினால் 500,000.

மூன்றையும் கூட்டினால் 2,830,000. இதை 30 நாட்களால் வகுத்தால் 94,333 ரூபா 33 சதம். இதுதான் சராசரி நாளாந்த நிலுவை. மருமகன் தன் பாக்கி இருபதாயிரம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். வங்கியின் கண்ணில் அந்த மாதம் முழுக்க அவர் சராசரியாகத் தொண்ணூற்று நாலாயிரம் ரூபாவுக்கு மேல் கடன்காரர். அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 24 சதவீதப்படி 30 நாள் வட்டி, அதாவது 94,333.33ஐ 0.24ஆல் பெருக்கி, 365ஆல் வகுத்து, 30ஆல் பெருக்கினால் 1,860 ரூபா 82 சதம். கூற்றில் இருந்ததும் அதுவே.

கணக்கை இன்னும் சுருக்கமாக மனதில் வைக்க ஒரு வழி சொல்கிறேன். ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால், ஒரு இலட்சம் ரூபா ஒரு நாள் அட்டையில் கிடப்பதற்கு வாடகை 65 ரூபா 75 சதம். 28 சதவீதம் என்றால் 76 ரூபா 71 சதம். உங்கள் பாக்கி எத்தனை இலட்சம், எத்தனை நாள் கிடந்தது என்று பெருக்கிப் பாருங்கள். விடை கிட்டத்தட்டச் சரியாக வரும்.

மருமகன் 21ஆம் திகதி கட்டிய அந்த 80,000 ரூபா எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மே மாதக் கடைசியில் ஒரு மொத்த வாடிக்கையாளர் கொடுத்த பணமாம். நடைமுறைக் கணக்கில் கிடந்ததாம்.

"அப்ப ஏன் மகன் அன்றைக்கே கட்டல்ல?"

"கடைசித் திகதி இருபத்திரண்டுதானே மாமா. அதுக்கு முந்தி ஏன் கட்டணும்?"

நம்மில் பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான். கூற்றில் அச்சிட்டிருக்கும் கடைசித் திகதி என்பது தாமதக் கட்டணத்துக்கான எல்லை. முழுத் தொகையையும் கட்டி வருபவருக்கு அது வட்டிக்கும் எல்லை. ஆனால் பழைய பாக்கியைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு வட்டி விடயத்தில் அந்தத் திகதியால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு மீட்டர் முதலாம் திகதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. மருமகன் அதே 80,000 ரூபாவை ஜூன் 3ஆம் திகதி கட்டியிருந்தால், முதல் 2 நாட்கள் நிலுவை 100,000, அடுத்த 7 நாட்கள் 20,000, கடைசி 21 நாட்கள் 50,000. பெருக்கிக் கூட்டினால் 1,390,000. சராசரி 46,333 ரூபா 33 சதம். வட்டி 913 ரூபா 97 சதம். அதே சாமான், அதே கொடுப்பனவு, அதே வட்டி வீதம், ஆனால் வட்டி பாதிக்கும் குறைவு. நடைமுறைக் கணக்கில் ஒரு சதமும் சம்பாதிக்காமல் 18 நாட்கள் தூங்கிய 80,000 ரூபா அவருக்கு வைத்த செலவு 946 ரூபா 85 சதம்.

மொத்தப் பணமும் ஒரே நாளில் கையில் இல்லாதவர்களும் உண்டு. சில்லறைக் கடைக்காரருக்குப் பணம் நாளாந்தம்தான் வரும். அவர்கள் மாதக் கடைசிவரை சேர்த்து வைத்துக் கட்டுவதைவிட, வரும்போதே துண்டு துண்டாகக் கட்டுவது மேல். அந்த 80,000ஐ இருபதாயிரம் வீதம் நான்கு தடவையாக 3, 9, 15, 21ஆம் திகதிகளில் கட்டியிருந்தால் வட்டி 1,387 ரூபாவாக வந்திருக்கும். கைத்தொலைபேசியிலேயே பணம் அனுப்பும் இந்தக் காலத்தில் இது ஐந்து நிமிட வேலை. காசோலையால் கட்டுவதாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். காசோலையைப் பெட்டியில் போட்ட நாள் கணக்கில் வராது, பணம் அட்டைக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட நாளே கணக்கில் வரும். வியாழன் மாலை போட்ட காசோலைக்கு முன்னால் ஒரு போயா விடுமுறையும் சனி, ஞாயிறும் வந்தால் அந்த நாட்களுக்கும் மீட்டர் ஓடும்.

அடுத்து அந்த 30,000 ரூபா. "அது அடுத்த மாத பில்லுக்குத்தானே வரணும்?" என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. கடனட்டை விற்க வருபவர்கள் ஐம்பது நாள் வரை வட்டி இல்லை என்கிறார்கள். அது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. அந்தச் சலுகை, முந்தைய கூற்றின் முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டியவருக்கு மட்டும்தான். பாக்கி வைத்தவருக்குப் பல வங்கிகளின் நிபந்தனைப்படி அந்தச் சலுகை அப்படியே போய்விடுகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. மருமகனின் 30,000 ரூபா ஜூன் 10 முதல் 30 வரை 21 நாட்கள் கணக்கில் கிடந்து, தன் பங்குக்கு 414 ரூபா 25 சதம் வட்டியை ஏற்றியிருக்கிறது. பழைய பாக்கி இருக்கும்வரை அந்த அட்டையில் புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பண இயந்திரத்தில் கடனட்டையைப் போட்டுக் காசு எடுப்பவருக்கோ முதல் நாளிலிருந்தே சலுகை கிடையாது. கட்டணமும் வேறு.

இதைவிடக் கடுமையான ஓர் இடம் உண்டு. முழுவதையும் கட்டும் எண்ணத்தோடு இருந்து, கொஞ்சம் குறைத்துக் கட்டியவரின் நிலை. ஒருவர் மே 5ஆம் திகதி 100,000 ரூபாவுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார். பழைய பாக்கி எதுவும் இல்லை. மே மாதக் கூற்று வருகிறது, ஜூன் 22க்குள் கட்ட வேண்டும். கையில் சற்றுத் தட்டுப்பாடு. ஜூன் 22ஆம் திகதி 95,000 ரூபாவைக் கட்டிவிட்டு, மிச்சம் ஐயாயிரத்துக்குத்தானே, நூறு ரூபா வட்டி வரும் என்று இருந்துவிடுகிறார். சலுகை போய்விட்டதால், பொருள் வாங்கிய மே 5ஆம் திகதிக்கே திரும்பிப் போய்க் கணக்கெடுக்கும் நிபந்தனை அவருடைய அட்டையில் இருந்தால் என்ன நடக்கும்? மே மாதத்தில் 27 நாட்களும் ஜூனில் 21 நாட்களுமாக 48 நாட்களுக்கு முழு இலட்சத்துக்கும் வட்டி. பிறகு 9 நாட்களுக்கு ஐயாயிரத்துக்கு வட்டி. மொத்தம் 3,185 ரூபா 75 சதம். குறைத்துக் கட்டியது ஐயாயிரம், அதற்கான தண்டம் மூவாயிரத்துக்கு மேல். அவசரத்துக்கு அந்த ஐயாயிரத்தைச் சகோதரனிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ கைமாற்றாக வாங்கிக் கட்டியிருந்தால் ஒரு சதம் வட்டியும் வந்திராது. வட்டியை விட்டுத் தப்ப விரும்பும் முஸ்லிம் இந்த ஓர் இடத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விடயமும் மருமகனுக்குச் சொன்னேன். ஜூன் கூற்றில் அவர் கட்ட வேண்டியது 50,000 ரூபாவோடு வட்டியும் சேர்த்து 51,860 ரூபா 82 சதம். இதை ஜூலை 20ஆம் திகதி முழுமையாகக் கட்டிவிட்டு, அட்டையையும் இனிப் பாவிப்பதில்லை என்று லாச்சியில் போட்டுப் பூட்டுகிறார் என்று வைப்போம். ஆகஸ்ட் தொடக்கத்தில் இன்னொரு கூற்று வரும். அதில் ஏறக்குறைய 648 ரூபா வட்டி இருக்கும். பலர் இதைக் கண்டு வங்கியோடு சண்டைக்குப் போவதுண்டு. ஆனால் இதுவும் நாள் கணக்குத்தான். ஜூலை 1 முதல் 19 வரை 19 நாட்கள் அந்தப் பாக்கி அட்டையில் கிடந்ததல்லவா? கூற்று அச்சாகியது ஜூன் 30ஆம் திகதி. அதற்குப் பிறகு ஓடிய நாட்களின் வட்டி அடுத்த கூற்றில்தான் வரும். "நான்தான் முழுவதையும் கட்டிவிட்டேனே" என்று அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் எறிந்தவர்கள் பின்னர் தாமதக் கட்டணமும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அட்டையை முடித்துவிட நினைப்பவர் வங்கிக்குப் போய், இன்றைய நாள்வரைக்குமான வட்டி உட்பட முடிவுத் தொகை என்ன என்று கேட்டு, அதைக் கட்டி, கணக்கை மூடியதற்கு எழுத்தில் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் கூற்றை நீங்களே சரிபார்க்க ஒரு தாள் போதும். திகதி, அன்று நடந்தது, அதன் பின் நிலுவை, அந்த நிலுவை நீடித்த நாட்கள் என நான்கு நிரல்களைக் கீறுங்கள். நாட்களின் கூட்டுத்தொகை கணக்குக் காலத்தின் நாட்களோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு நாளை இரண்டு தடவை எண்ணியிருப்பீர்கள் அல்லது விட்டிருப்பீர்கள். நிலுவையை நாட்களால் பெருக்கிக் கூட்டி, மேலே சொன்னபடி வட்டியைப் பாருங்கள். சில ரூபா வித்தியாசம் வந்தால், நீங்கள் பொருள் வாங்கிய நாளுக்குப் பதிலாக அது வங்கிக் கணக்கில் பதிந்த நாளை எடுத்திருக்கலாம், அல்லது ஆண்டுக் கட்டணம் போன்ற ஏதாவது நிலுவையில் சேர்ந்திருக்கலாம். பெரிய வித்தியாசம் வந்தால் இடையில் வட்டி வீதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தாளையும் இணைத்து வங்கிக்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

நமது நாட்டில் கடனட்டை என்றால் வட்டி வீதத்தைப் பற்றித்தான் பேச்சு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி உச்சவரம்பை நீக்கியபோதும், 2023 ஆகஸ்டில் 28 சதவீதம் என்று மீண்டும் உச்சவரம்பு விதித்தபோதும் பத்திரிகைகள் அதை எழுதின. வீதம் முக்கியம்தான். ஆனால் ஒரே வீதத்தில், ஒரே தொகையைக் கட்டிய ஒருவருக்கு 1,860 ரூபாவும் மற்றவருக்கு 914 ரூபாவும் வருவதை மேலே கண்டோம். அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது கணக்கிடும் முறை. அது நிபந்தனைத் தாளின் பொடி எழுத்துக்குள் மறைந்து கிடக்கிறது. மருமகனின் கூற்றில் வட்டித் தொகை ஒரே வரியில் இருந்தது. எந்த நிலுவைக்கு, எத்தனை நாளுக்கு என்ற விபரம் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே எந்த நிலுவையின் மீது வட்டி கணக்கிடப்பட்டது, அந்த நிலுவை எப்படிப் பெறப்பட்டது என்பதைக் கூற்றிலேயே காட்ட வேண்டும் என்பது சட்டம். முந்திய மாதத்தின் நிலுவையையும் சேர்த்து இரண்டு மாதச் சராசரிக்கு வட்டி அறவிடும் முறையொன்று அங்கே சில வங்கிகளிடம் இருந்தது. 2009இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் அதைத் தடை செய்தது. வட்டியில் ஊறிய நாடே வாடிக்கையாளருக்கு இந்த அளவு கணக்குக் காட்டுகிறதென்றால், நமது வங்கிகளும் காட்டலாம். சராசரி நாளாந்த நிலுவை, நாட்களின் எண்ணிக்கை, வட்டி வீதம் ஆகிய மூன்றையும் கூற்றில் அச்சிட்டால் போதும். நாட்கணக்கு ஏற்கனவே வங்கியின் கணினிக்குள் இருக்கிறது. அதை வெளியே காட்டுவதற்குப் பெரிய செலவில்லை. மத்திய வங்கி இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாம் பத்து ரூபாச் சாமானை விற்றால்கூட பில்லில் விலை, எண்ணிக்கை, கூட்டுத்தொகை என்று எழுதிக் கொடுக்கிறோம். கூட்டுத்தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் வாங்குவாரா?

மருமகன் கூற்றை மீண்டும் மடித்துப் பையில் வைத்தார். அன்று கல்லாவில் இருந்ததையும் தன் கணக்கில் இருந்ததையும் சேர்த்து 51,860 ரூபாவையும், அன்றுவரை ஓடிய நாட்களின் வட்டியையும் அன்றே கட்டிவிடுவதாகச் சொன்னார். "கடைசித் திகதி வரைக்கும் வச்சிருக்க மாட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஒரு நாளைக்கு முப்பத்தி நாலு ரூபா மாமா. வேணாம்" என்றார்.

கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் கடிதத்தையும் எழுதிவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம், இன்ஷா அல்லாஹ்.